கேனுக்குள் ஒளிந்திருக்கும் உறைமோர்

பாலைத் தயிராக்குவதற்கு வீட்டில் என்ன செய்கிறார்கள்? காய்ச்சி ஆறிய பாலில் கரண்டி நுனியளவு மோர் விட்டு மூடி வைக்கிறார்கள். பொழுது விடிந்தால் தயிர் தயார். உறை ஊற்ற மறந்து போனாலும் பாதகமில்லை. முந்தின நாள் தயிர் இருந்த சட்டியைச் சரியாகக் கழுவாமல் அதிலேயே பாலை ஊற்றி வைத்தால், சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததே உறையாகி விடுகிறது. குடித்தனம் நடத்தும் எந்தப் பெண்மணிக்கும் இது தெரியும். ஆனால் இதே காரியம் விற்பனைக்குப் போகும் பால் கேனுக்குள்ளும் நடக்கிறது என்பது மட்டும் அநேகருடைய கவனத்துக்கு வருவதில்லை.

பால் திரிந்து போனால் மாட்டின் மீது பழி விழுகிறது. பருத்திக்கொட்டை மீது விழுகிறது. வெயில் மீது விழுகிறது. சில சமயம் அண்டை வீட்டுக்காரியின் கண் மீதும் விழுகிறது. கேனை மட்டும் யாரும் விசாரிப்பதே இல்லை!

பால் தானாகப் புளிப்பதில்லை. புளிக்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857-ல் இதை எடுத்துக் காட்டினார். பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அவை அமிலத்தை உண்டாக்குகின்றன. மடியிலிருந்து இறங்கும் பாலின் சூடு ஏறக்குறைய 38 டிகிரி சென்டிகிரேடு. கிருமிகளுக்கு இது வெகு சௌகரியமான சூடு. அந்தச் சூட்டில் அரை மணிக்கு ஒரு முறை அவை இரட்டிப்பாகக் கூடும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லி பாலில் பத்தாயிரம் கிருமிகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், பத்து முறை இரட்டித்து ஒரு கோடியை எட்ட ஐந்து மணி நேரம் ஆகும். புளிப்பு தலைகாட்டுவது ஏறக்குறைய அந்த எல்லையில்தான். அதே பாலை அழுக்குக் கேனில் ஊற்றியதால் ஆரம்பத்திலேயே ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ஆகிவிட்டதென்றால்? ஒரு கோடியை எட்ட இரண்டு மணி நேரமே போதும். வண்டிக்குக் காத்திருக்க வேண்டிய மூன்று மணி நேரத்தைக் கேன் முன்கூட்டியே தின்று விட்டது என்று அர்த்தம்.

கறந்த பாலுக்கு இயற்கையாகவே கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி உண்டு. சூடாகவே வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அது தீர்ந்து போகும். பாலைக் குளிர வைத்தால் இன்னும் நெடுநேரம் நிற்கும்.

மூன்று டம்ளர் பரீட்சை

கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் இரண்டு கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கும் குடும்பம் ஒன்று. மாலை ஐந்து மணிக்குப் பத்து லிட்டர் பால் கறக்கும். சங்கத்து வண்டி ரோட்டு முக்குக்கு வர எட்டு மணியாகும். சித்திரை மாதத்தில் ஒரே வாரத்தில் மூன்று நாள் மாலைப் பால் திரும்பி வந்து விட்டது. காலைப் பாலோ ஒரு நாளும் திரும்பவில்லை.

சங்கத்தில் பாலைச் சோதிக்கும் முறை எளிது. கண்ணாடிக் குழாயில் சிறிது பால் எடுத்துத் தீயில் காட்டுவார்கள். திப்பி திப்பியாகத் திரண்டால் அந்தக் கேன் தள்ளுபடி. புதுப்பாலில் அமிலத்தின் அளவு சுமார் 0.14 சதவிகிதம். அது 0.2-ஐத் தாண்டினாலே காய்ச்சும்போது பால் திரிந்து விடும். அந்த நிலையில் நாக்குக்குப் புளிப்பு தெரிவதில்லை. “குடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது” என்று சண்டை பிடிப்பவர்கள் பொய் சொல்வதில்லை. நாக்கைவிட நெருப்பு முந்திக் கொள்கிறது, அவ்வளவுதான். இந்தச் சோதனைக்கு ஒரு விலக்கு உண்டு. கன்று ஈன்ற முதல் சில நாட்களின் சீம்பாலும், மடிநோய் கண்ட மாட்டின் பாலும் புளிக்காமலே திரியும்.

பாலைச் சோதிக்கிறவர் ஒரு நாள் மாலை வீட்டுக்கே வந்தார்.

“துணியில வடிகட்டித்தானுங்க ஊத்தறேன். இதுக்கு மேல என்னங்க பண்றது?” என்றார் வீட்டு அம்மாள்.

“உங்க மேல குத்தமில்லீங்க அம்மா. மூணு டம்ளர வெந்நீர்ல கொதிக்க வெச்சு எடுத்துக் கொடுங்க, பார்த்துப் போடலாம்” என்றார் அவர்.

முதல் டம்ளரில், முதல் சில பீச்சுகளைக் கீழே விட்டுவிட்டு, மடியிலிருந்து நேராகப் பால் கறக்கப்பட்டது. இரண்டாவதில் துணியில் வடிகட்டிய பால். மூன்றாவதில் கேனில் ஊற்றிய பிறகு எடுத்த பால். மூன்றையும் மூடி ஒரே அலமாரியில் வைத்து, அவ்வப்போது ஒவ்வொரு கரண்டியாகக் காய்ச்சிப் பார்த்தார்கள். ஏழே முக்கால் மணிக்குக் கேன் பால் திரிந்தது. ஒன்பதரைக்குத் துணிப் பால் திரிந்தது. நேராகக் கறந்தது பதினொரு மணிக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாட்டின் மீதிருந்த பழி அன்றோடு நீங்கியது. கேன் முதல் குற்றவாளி, துணி இரண்டாவது குற்றவாளி.

அப்படியானால் காலைப் பால் ஏன் தப்பியது? காலை வண்டி ஒரு மணி நேரத்தில் வந்து விடுகிறது என்பது ஒரு காரணம். இரவு திரும்பும் கேனைச் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு உடனே கழுவி விடுவார்கள் என்பது இன்னொன்று. காலை எட்டு மணிக்குத் திரும்பும் கேனோ, எல்லோரும் காட்டு வேலைக்குப் போய் விடுவதால், மூடியபடியே வெயில் படும் திண்ணையில் கிடக்கும். நாலு மணிக்குத்தான் அதற்குக் குளியல். அதற்குள் அடியில் நின்ற இரண்டு கரண்டி பால் முற்றிய உறைமோராகி விட்டது. கையால் தேய்த்துக் கழுவியும் போகவில்லை. மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பார்த்தபோது பின்னால் மஞ்சளாக ஒரு படலம் இருந்தது. கழுத்து வளைவின் மடிப்பில் விரலை ஓட்டினால் சொரசொரப்பு. பாலின் உப்பும் கொழுப்பும் சேர்ந்து காய்ந்த பால் கல் அது. அதற்குள் கிருமிகள் பத்திரமாகக் குடியிருக்கும்.

கேனைக் கழுவும் வரிசை

கேன் காலியானவுடனே பச்சைத் தண்ணீரால் அலச வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு கூட அல்ல. வண்டியடியில் தண்ணீர் இருந்தால் அங்கேயே. முதலில் வெந்நீர் ஊற்றுவது தவறு. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் கெட்டியாவது போலப் பாலின் புரதமும் வெந்து சுவரோடு ஒட்டிக் கொள்ளும். பலர் நல்லெண்ணத்தோடு செய்கிற பிசகு இது.

இரண்டாவதாக, கை பொறுக்கும் சூடுள்ள தண்ணீரில் சலவைச் சோடா கலந்து நீண்ட பிரஷால் தேய்க்க வேண்டும். பத்து லிட்டருக்கு ஐம்பது கிராம் போதும். இது எவர்சில்வர் கேனுக்குச் சொன்னது. அலுமினியக் கேனுக்குச் சலவைச் சோடா ஆகாது. உலோகத்தை அரித்துக் கருக்க வைத்துக் குழி குழியாக்கும். அதற்குக் காரம் குறைந்த பாத்திரப் பவுடரே சரி. சாம்பலும் மணலும் எந்தக் கேனுக்கும் வேண்டாம். அவை விழுத்தும் கீறல்களே நாளைக்குக் கிருமிகளின் வீடு. பால் கல் படிந்துவிட்ட இடத்தில் சோடா பலிக்காது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடவிச் சிறிது நேரம் ஊற விட்டுத் தேய்த்தால் கரையும்.

நன்றாக அலசிய பின் இரண்டு லிட்டர் கொதிக்கும் தண்ணீரை உள்ளே ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி உருட்டிக் கொட்டி விட வேண்டும். மூடியையும் ரப்பர் வளையத்தையும் தனித்தனியே வெந்நீரில் போட்டெடுக்க வேண்டும். பிறகு துணியால் துடைக்காமல், காற்றோட்டமுள்ள மரச்சட்டத்தின் மேல் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காய விட வேண்டும். கழுவிய கேனை ஈரத்தோடு மூடி வைப்பது கழுவாமல் இருப்பதற்குச் சமானம். சந்தேகம் தீர மூக்கு போதும். மூடி வைத்திருந்த கேனைத் திறந்தவுடன் மோர் வாடை வீசினால் அதில் பால் ஊற்றக் கூடாது.

துணி என்ன செய்கிறது?

வடிகட்டுவதால் பால் சுத்தமாகி விடுகிறது என்று நினைப்பது பாதி உண்மை. மயிரும் தூசியும் வைக்கோல் துணுக்கும் துணியில் நிற்கும். கிருமிகளோ துணியின் கண்ணைவிடப் பல மடங்கு சிறியவை. அவை தாராளமாக இறங்கிப் போகும். சாணத் துணுக்கு ஒன்று துணியில் நின்றாலும், மேலே மேலே ஊற்றும் சூடான பால் அதைக் கரைத்துக் கீழே அனுப்பும். ஆகவே மல்மல் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, கட்டுத்தரைக்கு வெளியே வைத்து வடிகட்டுவதே முறை. பால் இறங்கத் தாமதித்தால் துணியைப் பிழியவோ விரலால் தேய்க்கவோ கூடாது. துணியை மாற்ற வேண்டும். அந்த வீட்டில் ஒரே துணி, அதுவும் ஈரத்தோடு ஆணியில் தொங்கிக் கொண்டிருந்தது. இரண்டு துணிகளை மாற்றி மாற்றி எடுத்து, கொதிக்க வைத்து, வெயிலில் காயப் போட ஆரம்பித்தார்கள்.

தொட்டித் தண்ணீர்

கேனும் துணியும் சரியான பிறகு மிச்சமிருப்பது பாலின் சூடு. பத்து லிட்டர் பால் 37 டிகிரியில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் 27 டிகிரி. முப்பது லிட்டர் தண்ணீருள்ள தொட்டியில் கேனை இறக்கினால், இரண்டும் சமமாகும்போது ஏறக்குறைய முப்பது டிகிரிக்கு வரும். தண்ணீரை ஒரு முறை மாற்றினால் இருபத்தெட்டுக்கு இறங்கும். தண்ணீர் மட்டம் கேனுக்குள்ளிருக்கும் பால் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். ஆனால் உள்ளே புகக் கூடாது. கொதிநீரில் போட்டெடுத்த நீண்ட கரண்டியால் அடிக்கடி கிளறிக் கொடுத்தால் சீக்கிரம் ஆறும். ஆறும் வரை மூடிக்குப் பதில் சுத்தமான மெல்லிய துணியைக் கட்டலாம். பிளாஸ்டிக் கேனில் சூடு மெதுவாகத்தான் வெளியேறும். ஆறிய பாலில் புதிதாகக் கறந்த சூடான பாலை ஊற்றினால் அத்தனை பாடும் வீண்.

கேனைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டிக் காற்றில் வைப்பதும் உண்டு. சித்திரை, வைகாசியின் வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் சாக்கு காயாது. காயாத சாக்கு குளிர்ச்சியும் தராது.

சில பேர் குறுக்கு வழியாகச் சோடா உப்பைப் பாலில் போடுகிறார்கள். அது புளிப்பை மறைக்குமே தவிரக் கிருமிகளைத் தடுக்காது. விற்கும் பாலில் அதைச் சேர்ப்பது சட்டப்படி கலப்படம். சோதனையில் நிறம் மாறிக் காட்டிக் கொடுத்து விடும்.

அந்தக் குடும்பத்தில் பகலில் கேன் கழுவும் வேலை, காலையில் கேனை வாங்கி வரும் பையனிடமே ஒப்படைக்கப்பட்டது. மாலைப் பால் எட்டு மணி வண்டிக்குத் தாங்கியது. இரவு முழுவதும் வைத்திருந்து காலைப் பாலோடு கலந்து விற்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். தொட்டித் தண்ணீரால் அது ஆகாது. அதற்குப் பாலை 4 டிகிரிக்கு இறக்கும் குளிரூட்டும் இயந்திரம் வேண்டும். அந்தக் குளிரிலும் கிருமிகள் சாவதில்லை. அதிகம் பெருகாமல் சோம்பிக் கிடக்கும், அவ்வளவே. இயந்திரம் பக்கத்தில் இல்லாதவர்கள், வண்டி தவறிய இரவில் பாலை உடனே காய்ச்சி, ஆற்றி, தாங்களே உறை ஊற்றிக் காலையில் தயிராக விற்று விடுகிறார்கள்.