படிக்காமல் விடுவதில் இருக்கிறது லாபம்

நியூயார்க்கில் ஒருவர் மஞ்சள் டாக்சியில் ஏறி இறங்கினால், அந்தப் பயணம் ஒரு வரியாகப் பதிவாகிறது. ஏறிய நேரம், தூரம், கட்டணம், டிப்ஸ் என்று அதில் ஏறக்குறைய இருபது விவரங்கள். 2009 முதலான பதிவுகளை அந்நகரின் டாக்சி ஆணையம் பொதுமக்களுக்கு வெளியிட்டு வருகிறது. 2022 மே 13 அன்று, அதுவரை சி.எஸ்.வி. என்ற எளிய உரையாக இருந்த கோப்புகளை ஆணையம் 'பார்க்கே' வடிவத்துக்கு மாற்றியது. அரையாண்டுக்கு ஒருமுறை வந்த தரவு மாதந்தோறும் வரத் தொடங்கியதும் அப்போதுதான்.

2021 ஜனவரி கோப்பில் ஏறத்தாழ 13.7 லட்சம் பயணங்கள். சி.எஸ்.வி.யில் அது சுமார் 126 எம்.பி.; பார்க்கேயில் 22 எம்.பி.

உரைக் கோப்பு ஒரு பயணத்தின் எல்லா விவரங்களையும் எழுதிவிட்டு அடுத்த பயணத்துக்குப் போகும். பார்க்கே லட்சக்கணக்கான பயணங்களை ஒரு தொகுதியாக எடுத்து, அவற்றின் நேரங்களை ஓரிடத்திலும் கட்டணங்களை வேறோரிடத்திலும் நெடுவரிசைகளாக அடுக்கும். உரையில் 19 எழுத்து பிடிக்கும் தேதியும் நேரமும் இங்கே 8 பைட் எண்ணாகிவிடும். `store_and_fwd_flag` என்ற நெடுவரிசையில் பெரும்பாலும் N என்ற ஒரே எழுத்துதான். அதை ஒவ்வொரு வரியிலும் எழுதாமல், 'N, இத்தனை தடவை' என்று குறித்தால் போதும்.

அளவைக் குறைப்பது மட்டும் நோக்கமென்றால் சி.எஸ்.வி.யை ஜிஜிப்பில் சுருக்கலாம். அதே கோப்பு சுமார் 25 எம்.பி.க்கு இறங்கிவிடும். ஆனால் டிப்ஸ் சராசரியைக் கேட்டால், அதை முழுக்க விரித்து, கடைசி வரி வரை படித்தாக வேண்டும். பார்க்கே கோப்பின் வால்பகுதியில் எந்த நெடுவரிசை எங்கே இருக்கிறது என்ற குறிப்பு உண்டு. மென்பொருள் முதலில் அதைப் பார்த்து, டிப்ஸ் இருக்கும் இடத்துக்கு நேராகப் போகும், மற்றவற்றைத் தொடாது. பல ஆண்டுத் தரவை அலசும்போது நேரமும் கட்டணமும் மிச்சமாவது இதனால்தான்.

```sql
SELECT avg(tip_amount)
FROM 'yellow_tripdata_2021-01.parquet';
```

மாதாமாதம் புதுக் கோப்பு சேரும் தரவில் ஒரு சிக்கலும் உண்டு. 2023 ஜனவரியில் `airport_fee` என்றிருந்த பெயர் பிப்ரவரியில் `Airport_fee` ஆனது. இரண்டையும் பாண்டாஸில் இணைத்தால் இரண்டு நெடுவரிசைகள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு மாதம் காலியாக இருக்கும். பெயரும் தரவு வகையும் கோப்புக்குள்ளேயே எழுதியிருப்பதால், இணைக்கும் முன் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தாலே இந்தப் பிழை தெரிந்துவிடும்.

ஒரே ஒரு வரியைத் திருத்த வேண்டுமானாலும் பார்க்கே கோப்பைப் புதிதாக எழுதியாக வேண்டும். நோட்பேடில் திறந்து படிக்கவும் முடியாது. அடிக்கடி கையால் திருத்தும் சிறிய பட்டியலுக்கு சி.எஸ்.வி.யே வசதி. டாக்சிப் பதிவுகள் அந்த வகையல்ல: எக்செல் தாளில் 10,48,576 வரிகள்தான் கொள்ளும், 2021 ஜனவரியின் பயணங்கள் சி.எஸ்.வி.யாக இருந்தபோதும் அதில் முழுதாக அடங்கவில்லை.