"விவசாய நிலம் நீங்கலாக": ஷரீஅத் சட்டத்தின் ஓர் அடைப்புக்குறி

சுத்துக்கேணியில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தகப்பனார் மௌத்தாகிவிட்டார், தாயார் அவருக்கு முன்பே இறந்துவிட்டார். ஒரு மகன், இரண்டு மகள்கள். ஒரு வீடும் நான்கு ஏக்கர் நஞ்சையும் இருக்கின்றன. வீட்டில் தங்கைகளுக்குப் பங்கு தருவதாகச் சொல்லும் அண்ணன், நிலத்தில் மட்டும் மறுக்கிறார். "1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்திலேயே விவசாய நிலம் நீங்கலாக என்றுதானே இருக்கிறது?" என்கிறார்.

அவர் சொல்லும் வாசகம் உண்மையில் 2ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அதைத் தனியாகப் பிய்த்துப் படித்தால் தவறாகிவிடும். அந்தப் பிரிவின் முதன்மை வாசகம், மாறான வழக்காறு எது இருந்தாலும் வாரிசுரிமை போன்ற விஷயங்களில் ஷரீஅத்தே தீர்ப்பு விதி என்கிறது. அதாவது வழக்காற்றை அது வெட்டுகிறது. விதிவிலக்கு செய்வது ஒன்றே ஒன்றுதான்: விவசாய நிலத்தை அந்த வெட்டிலிருந்து வெளியே எடுக்கிறது. நிலத்தில் பெண்களுக்குப் பங்கில்லை என்று அது எங்கும் சொல்லவில்லை. விதிவிலக்கு முதன்மை விதியிலிருந்து ஒன்றை எடுக்குமே தவிர, எதிரான ஒரு விதியைத் தானாக உண்டாக்காது.

இந்த அடைப்புக்குறி வந்த காரணமும் மார்க்கம் சார்ந்ததல்ல. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி விவசாய நில வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது. மத்திய சட்டசபையால் அதைத் தொட முடியவில்லை. சென்னை மாகாணம் 1949இல் தன் எல்லைக்குள் இந்த விலக்கை நீக்கிக்கொண்டது. 1968இல் இச்சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது வந்தது பொதுவான வடிவம், விலக்கோடு.

அப்படியானால் சுத்துக்கேணி நஞ்சைக்கு எது சட்டம்? முன்பிருந்ததே தொடரும். இந்தியர்கள் அவரவர் சட்டம், வழக்காறுகளின்படியே தீர்ப்பளிக்கப்படுவார்கள் என்று 1819இலேயே பிரெஞ்சு ஆட்சி விதித்திருந்தது. ஆகவே அண்ணன் வழக்காற்றை நம்பினால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும்: பழைய பாகப்பிரிவினைகள், பத்திரங்கள், ஊரில் இடைவிடாமல் நடந்துவந்ததற்கான சாட்சி. "எங்கள் பக்கம் அப்படித்தான்" என்ற பேச்சு போதாது. நிரூபிக்க முடியாவிட்டால் மகனுக்கு இரண்டு ஏக்கர், மகள்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர். வீட்டுக்கோ நகைக்கோ வங்கிப் பணத்துக்கோ இந்த வாதத்துக்கே இடமில்லை.

புதுச்சேரிக்காரர்கள் பார்க்கவேண்டிய இன்னொன்று, நீட்டிப்பின்போது சேர்க்கப்பட்ட வரம்புரை: இச்சட்டத்தில் உள்ள எதுவும் 'ரெனோன்சான்'களுக்குப் பொருந்தாது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தம் சமயத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் இவர்கள். விதிவிலக்கு ஒருவகைச் சொத்தை மட்டும் வெளியே எடுத்தது. வரம்புரையோ ஆளையே, சட்டம் முழுவதிலிருந்தும், வெளியே எடுக்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பாட்டனார் அப்படித் துறந்து கையெழுத்திட்ட பத்திரம் வீட்டுப் பெட்டியில் இருந்தால், பங்கைக் கணக்கிடும் முன் அதை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.