கேட்காமல் திருத்திய கடை: செலவை யார் கொடுப்பது?

உரிமையாளர் ஊரில் இல்லாத நேரத்தில் அவருடைய கடைக்குள் வெள்ளம் புகுந்துவிடுகிறது. பக்கத்துக் கடைக்காரர் யாரும் கேட்காமலே தன் கைக்காசைப் போட்டு அதைத் திருத்துகிறார். திரும்பி வந்த உரிமையாளர், "நான் உங்களைச் செய்யச் சொன்னனானோ?" என்று கேட்கிறார். செலவழித்தவர் அந்தக் காசைச் சட்டப்படி கேட்கலாமா?

2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்தது போன்ற வெள்ளங்களின் பின் எழக்கூடிய கேள்வி இது. போரினால் சிதறியவர்களின் காணிகளும் கடைகளும் இங்கே இருக்க, உரிமையாளர்கள் தமிழகத்திலோ கனடாவிலோ இருப்பது நமக்குப் புதிதல்ல. சட்டத்தரணி என்ற முறையில் நான் சொல்லக்கூடிய பதில்: கேட்கலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல.

ஒப்பந்தம் இல்லை என்பதால் கடனும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலச் சட்டம் பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கிறது. கடலில் ஆபத்திலிருக்கும் கப்பலைக் காப்பாற்றியவருக்கு அது ஊதியம் கொடுக்கும். தரையில் அடுத்தவர் சொத்தைக் கேட்காமல் பராமரித்தவருக்குப் பொதுவாக எதுவும் கொடுக்காது. ஆனால் இலங்கையின் பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டம். தேசவழமை பேசாத இடங்களில் யாழ்ப்பாணத் தமிழருக்கும் அதுவே பொருந்தும். அதில் 'நெகோஷியோரம் ஜெஸ்ரியோ' என்ற ஒரு கோட்பாடு இருக்கிறது. ஒருவர் இல்லாதபோது அவருடைய காரியத்தை அவர் சொல்லாமலே இன்னொருவர் பார்த்துக்கொள்வது என்பது அதன் பொருள். இருவரும் உடன்பட்டுக் கையெழுத்திடாவிட்டாலும், ஒப்பந்தம் செய்தவர்களைப் போல ஒருவருக்கொருவர் கடமைப்படுகிறார்கள்.

விளங்குவதற்காக ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். சந்தியில் அடுத்தடுத்து இரண்டு கடைகள். ஒன்றின் உரிமையாளர் மனைவியின் சிகிச்சைக்காகச் சென்னை போயிருக்கிறார். அடைமழையில் குளம் வான் பாய்கிறது. அவருடைய கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். பின்சுவர் வெடித்துச் சரிகிறது. கூரைத் தகடுகள் சில பறந்துவிட்டன. பக்கத்துக் கடைக்காரர் இரண்டு நாட்கள் தொலைபேசியில் முயன்றும் அவரைப் பிடிக்க முடியவில்லை. பூட்டை உடைத்து உள்ளே போகிறார்.

அவர் கொடுக்கும் கணக்கு இது: தண்ணீர் இறைக்கும் பம்பின் வாடகையும் டீசலும் 14,000 ரூபா. புதுப் பூட்டு 6,000. கூரைத் தகடுகள் 30,000. பின்சுவருக்கு முட்டுக் கொடுத்துத் திரும்பக் கட்டியது 90,000. சீமெந்துத் தரைக்கு மேல் மாபிள் பதித்தது 120,000. தன்னுடைய உழைப்புக்கு 20,000. மொத்தம் 280,000 ரூபா.

நீதிமன்றம் முதலில் பார்ப்பது, உரிமையாளரைக் கேட்க முடிந்ததா என்பதை. தொலைபேசியில் கிடைக்கக்கூடியவரைக் கேட்காமல் செய்தால், 'கேட்க வழியில்லாததால் செய்தேன்' என்ற அடிப்படையே பலவீனமாகிவிடும். அவர் "வேண்டாம், நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தால் இந்த வழக்கு அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். இங்கே இரண்டு நாட்கள் முயன்ற அழைப்புப் பதிவு கைத்தொலைபேசியில் இருக்கிறது. அது நல்ல சாட்சி.

அடுத்து, எந்த எண்ணத்தோடு செய்தார் என்பது. அடுத்தவருடைய காரியம் என்று தெரிந்து, செலவைத் திரும்ப வாங்கும் எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும். உதவியாகச் செய்துவிட்டு, பிறகு மனம் கசந்ததும் கணக்கு நீட்ட முடியாது. நெருங்கிய உறவினர் என்றால், அன்பினால் செய்தது என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதனால் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்ததும், செலவு செய்த நாளிலேயே எழுதிய கணக்கும் பெரிதாகப் பேசும்.

மூன்றாவது, செய்தது தேவையானதா என்பது. கடைக்குள் நிற்கும் தண்ணீரை இறைப்பதும், விழும் சுவரைத் தாங்குவதும், திறந்த கூரையை மூடுவதும் தள்ளிப்போட முடியாத வேலைகள். உரிமையாளர் அங்கே இருந்திருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார். பூட்டும் அப்படித்தான், உள்ளே போக அதை உடைக்க வேண்டியிருந்தது, திரும்ப மூட வேண்டியும் இருந்தது. இவற்றின் கூட்டுத்தொகை 140,000 ரூபா. மாபிள் அப்படியல்ல. அது இல்லாமல் கடை அழிந்துபோயிருக்காது. அடுத்தவர் காசில் அவருடைய கடையை அழகுபடுத்த யாருக்கும் அதிகாரமில்லை. சொந்த உழைப்புக்கும் இந்தக் கோட்பாட்டின் கீழ் பொதுவாகக் கூலி கிடைக்காது. கைவிட்டுப் போன காசை அது திருப்பித் தரும், சம்பளம் தராது. ஆகவே 280,000இல் பாதிதான் நிற்கும்.

திருத்திய சுவர் அடுத்த மாத மழையில் மறுபடி விழுந்தால் என்னாகும்? "எனக்கு ஒரு பயனும் இல்லையே, ஏன் தர வேண்டும்?" என்று உரிமையாளர் கேட்பார். இதற்குப் பதில் மிகப் பழையது. ஜஸ்டினியன் காலத்தில், 533ஆம் ஆண்டில், வெளியான டைஜெஸ்ட் என்ற சட்டத் தொகுப்பில் உல்பியன் இதையே பேசுகிறார். ஒருவர் அயலவருடைய கட்டடத்துக்கு முட்டுக் கொடுக்கிறார். பின்னர் அது எரிந்துபோகிறது. ஆனாலும் அவர் செலவைக் கேட்கலாம். செய்த நேரத்தில் அது பயனுள்ள காரியமாக இருந்தால் போதும், முடிவு நிலைக்க வேண்டியதில்லை. சுவர் மேசனின் மோசமான வேலையால் விழுந்திருந்தால் கதை வேறு. கவனமில்லாமல் செய்தவர் செலவை இழப்பதோடு நட்டத்துக்கும் பொறுப்பாகலாம்.

அதே இடத்தில் ஒரு விதிவிலக்கும் வருகிறது. செலவைத் தாங்க முடியாமல் உரிமையாளர் கைவிட்ட கட்டடத்தையோ, தனக்குத் தேவையில்லை என்று அவர் விட்ட கட்டடத்தையோ திருத்தினால் என்ன என்று புரோகுலஸ் என்ற சட்டவறிஞர் கேட்டிருக்கிறார். அப்படியானவர் மீது கடன் சுமத்த முடியாது. இது நமக்கு நெருக்கமான விதிவிலக்கு. 2009இன் பின் திரும்பக் கட்டாமலே விட்ட கடைகள் எத்தனையோ உண்டு. அப்படிப்பட்ட ஒன்றுக்குக் கூரை போட்டுவிட்டு வெளிநாட்டுக்குக் கணக்கு அனுப்பினால், வழக்கு நிற்பது கடினம்.

உரிமையாளர்களுக்கு இன்னொரு பயம் உண்டு: இன்று சுவர் கட்டியவர் நாளை காணியையே கேட்பாரோ? செலவைக் கேட்பது உரித்தைக் கேட்பது அல்ல. பத்து ஆண்டு ஆட்சியின் மூலம் உரித்துக் கோருபவர், உரிமையாளரை ஏற்றுக்கொள்ளாமல் தனக்கென்று ஆண்டிருக்க வேண்டும். செலவைக் கேட்பவரோ 'இது உங்கள் கடை' என்று ஒப்புக்கொண்டே கேட்கிறார். ஆகவே வேலை தொடங்கும் நாளிலேயே உரிமையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுவது நல்லது. "உங்கள் கடையின் பின்சுவர் சரிகிறது. உங்களைப் பிடிக்க முடியவில்லை. அவசர வேலையை மட்டும் செய்கிறேன். செலவைப் பிறகு கணக்குப் பார்ப்போம்." அவர் அதைப் பத்து நாள் கழித்துப் பார்த்தாலும், இந்த நான்கு வரிகள் இருவரையும் காக்கும். தொடர்பு கிடைத்த பிறகு தொடரும் வேலைக்கு அவருடைய சம்மதம் வேண்டும்.

இந்த அளவு தொகைக்கு நேரடியாக நீதிமன்றம் போக முடியாது. முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே இணக்கம் வராவிட்டால் சபை தரும் சான்றிதழோடுதான் வழக்குப் போடலாம். காலாவதிச் சட்டத்தின்படி இதற்கான காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள். சபைக்குப் போகும்போது செலவுக் கணக்கை இரண்டு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: அவசரமாகச் செய்தவை ஒன்றில், நீங்களாக விரும்பிச் செய்தவை மற்றதில். முதல் தாளைப் பற்றி மட்டும் பேசினால், அநேகமான பிணக்குகள் அந்த மேசையிலேயே தீர்ந்துவிடும்.