பால் சுண்டிய பிறகே சர்க்கரை

கேரட் அல்வா செய்யும் வேலையில் பெரும்பகுதி, தண்ணீரை வற்ற வைப்பதுதான். அரை கிலோ கேரட்டில் ஏறக்குறைய 440 கிராம் தண்ணீர் இருக்கிறது. அரை லிட்டர் பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இதில் பெரும்பங்கு ஆவியாக வேண்டும் என்பதால், குறுகிய பாத்திரத்தைவிட வாய் அகன்ற, அடிகனமான வாணலியே நல்லது.

வாணலியில் 2 மேசைக்கரண்டி நெய் விட்டு, துருவிய கேரட்டை மிதமான தீயில் 5 நிமிடம் வதக்குங்கள். பச்சை வாசனை போனதும், காய்ச்சிய கொழுப்பு நிறைந்த பாலைச் சூடாகவே ஊற்றுங்கள். பால் தண்ணீராக இருக்கும் முதல் 15 நிமிடம் மிதமான தீ தாங்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். குழம்பாகத் தொடங்கியதும் தீயைக் குறைத்துவிடுங்கள். அடுத்த 10 நிமிடமும் கரண்டி நிற்கக் கூடாது. பால் கெட்டியாகக் கெட்டியாக அடிபிடிப்பதும் எளிதாகிவிடும்.

கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பால் ஓடிவந்து கோட்டை மூடினால் இன்னும் நேரம் இருக்கிறது. கோடு அப்படியே நின்றால் 150 கிராம் சர்க்கரையைச் சேர்க்கலாம். முன்பே போட்டால் கேரட் மெத்தென்று வேகாமல் நறுக்கென்றே நின்றுவிடும். இனித்த பாலும் சீக்கிரம் அடியில் கருகும்.

சர்க்கரை கரைந்ததும் கலவை மறுபடி இளகும். பதம் கெட்டுவிட்டதே என்று பதறித் தீயைக் கூட்ட வேண்டாம். இன்னும் 2 கரண்டி நெய் விட்டு, சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம் கிளறுங்கள். அல்வா ஓரம் விட்டு ஒன்றாகத் திரண்டு, விளிம்பில் நெய் மினுங்கினால் இறக்கிவிடலாம். ஆறும்போது மேலும் இறுகும் என்பதால், சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்குவது நல்லது. எல்லாமாக முக்கால் மணி நேரம் ஆகும். வறுத்த முந்திரியும் ஏலக்காய்ப் பொடியும் கடைசியில்தான்.

சுரைக்காய் என்றால் கணக்கு மாறும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். விதையையும் பஞ்சையும் எடுத்துவிட்டுத் துருவி, கையால் நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். ஈரம் வற்ற 8 முதல் 10 நிமிடம் வதக்க வேண்டும். பிழியும் முன் அரை கிலோ இருந்த துருவலுக்கு 300 மில்லி பாலும் 120 கிராம் சர்க்கரையும் போதும். மற்றபடி அதே பக்குவந்தான்.

ஆனால் துருவும் முன்பே ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைக்கும். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அது போகாது. இனிப்பு சேர்த்தால் நாக்குக்குத்தான் மறையும், உடம்புக்கு மறையாது.