அழுகுற வெங்காயம் வடகமாச்சு!

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கம் எங்கள் ஊர். சின்ன வெங்காயம் விலை சரிந்தால், பட்டறை போட்டு வைத்தாலும் நாளாக ஆக அழுகிவிடும். போன வருஷம் அழுகாததாகப் பொறுக்கி, விற்பதற்காகத் தாளிப்பு வடகம் போட்டேன்.

5 கிலோவை உரித்து ஒன்றிரண்டாக இடித்து, அரை கிலோ பூண்டு, கால் கிலோ உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், உப்பு சேர்த்துப் பிசறி ராத்திரி மூடி வைத்தேன். மறுநாளே உருட்டிக் காயவைத்ததுதான் தப்பு! மேலே ஓடு மாதிரி காய்ந்து, உள்ளே ஈரம் நின்று, பத்தே நாளில் வெள்ளைப் பூசணம். அத்தனையும் குப்பைக்குப் போச்சு.

அப்புறம்தான் மாமியார் பக்குவம் சொன்னார். மூன்று நாள் பரப்பிக் காயவைத்து, பிழிந்தால் சாறு சொட்டாத பதம் வந்தபின், விளக்கெண்ணெய் தொட்டு எலுமிச்சை அளவு உருட்டணுமாம். ஒன்றை உடைத்தால் நடுவும் உதிரணும். நானோ தராசையும் நம்புகிறேன். இரண்டு நாள் நிறுத்தும் எடை குறையவில்லை என்றால்தான் டப்பாவில் அடைப்பேன்.

மசாலாவோடு சேர்த்தே ஒன்றரை கிலோ சொச்சம்தான் தேறியது. ஆகவே வெங்காய விலையை வைத்து ரேட் சொல்லாதீங்க தோழிகளே, காய்ந்த எடையை வைத்துச் சொல்லுங்க.

– ஒரு வாசகி, பெரம்பலூர் மாவட்டம்.