ஒரே தோற்றம், மூன்று குணம்

லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் உள்ள ஒரு மருந்துக் கடைக்குள் நுழைந்தால், கைச் சுத்திகரிப்பான் போத்தல்களைக் காணலாம். தோலைத் துடைத்துக் கிருமி நீக்கப் பயன்படும் ரப்பிங் ஆல்கஹாலும் அங்கே கிடைக்கும். ஒட்டுச்சீட்டைப் படித்துப் பார்த்தால், முதலாவதில் பெரும்பாலும் எத்தனாலும் இரண்டாவதில் பெரும்பாலும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் இருப்பது தெரியும். இதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தனால் அங்கே இருக்காது. அது சாயம் அகற்றும் திரவங்களிலும் எரிபொருளிலும் பயன்படும் தொழிற்சாலைப் பொருள்.

மூன்றும் தண்ணீரைப் போல நிறமற்றவை. எளிதில் ஆவியாகி, எளிதில் தீப்பற்றக்கூடியவை. பார்த்தோ முகர்ந்தோ இன்னது எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மூலக்கூறில்தான் வேறுபாடு உள்ளது. மெத்தனாலில் ஒரு கார்பன் அணு, எத்தனாலில் இரண்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் மூன்று. இந்தச் சிறு வேறுபாடு உடலுக்குள் பெரிய விளைவை ஏற்படுத்துகிறது.

நாம் விழுங்கும் ஆல்கஹாலைச் சிதைக்கும் வேலையைப் பெரும்பாலும் கல்லீரல் செய்கிறது. அங்குள்ள ஒரு நொதி, மூன்று வகை ஆல்கஹாலையும் மாற்றுகிறது. எத்தனால் முடிவில் அசிட்டிக் அமிலமாகிறது. வினிகரில் இருப்பதும் இந்த அமிலமே. அதை உடல் எரித்துத் தீர்த்துவிடும். ஆயினும், அளவு மிகுந்தால் எத்தனால் மூளையின் செயல்பாட்டை மந்தமாக்கி, மூச்சையே நிறுத்திவிடலாம்.

மெத்தனாலின் கதை வேறு. அதே நொதி அதை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. பின்னர் அது ஃபார்மிக் அமிலமாகிறது. மனித உடலால் இந்த அமிலத்தை விரைவாக வெளியேற்ற இயலாது. அது இரத்தத்தில் சேர்ந்து, உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. பார்வை நரம்பு முதலில் பாதிக்கப்படும் உறுப்புகளுள் ஒன்று.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம், தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்தவர்களுள் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல் ஆகிய அறிகுறிகளுடன் பலர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். மெத்தனால் அமிலமாக மாறுவதற்கு நேரம் எடுக்கும். அதனால் கடுமையான அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தோன்றுகின்றன. குடித்தவுடன் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து வீட்டிலேயே இருப்பவர், சிகிச்சைக்குரிய நேரத்தை இழந்துவிடுகிறார்.

ஐசோபுரோபைல் ஆல்கஹால், நகச்சாயம் நீக்கப் பயன்படும் அசிட்டோனாக மாறுகிறது. அது பார்வையைப் பறிப்பதில்லை. ஆனால், எத்தனாலைவிட ஏறத்தாழ இருமடங்கு வலிமையுடன் மூளையை மந்தமாக்குகிறது. வயிற்றின் உட்சுவரையும் புண்ணாக்கி, கடும் வாந்தியை உண்டாக்குகிறது.

அப்படியென்றால், எத்தனால் உள்ள கைச் சுத்திகரிப்பானை விழுங்கினால் ஆபத்து இல்லையா? ஒரு கணக்கைப் பார்ப்போம். 70 விழுக்காடு எத்தனால் உள்ள 50 மில்லிலிட்டர் சுத்திகரிப்பானில் 35 மில்லிலிட்டர் எத்தனால் இருக்கிறது. இது 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள இரண்டு பீர் டின்களில் இருப்பதைவிட அதிகம். ஒரு சிறு குழந்தை இந்த அளவை விழுங்கினால், இரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம்.

மேலும், ஒட்டுச்சீட்டை எப்போதும் நம்பிவிட முடியாது. 2020ஆம் ஆண்டு, கொவிட்-19 காலத்தில், அமெரிக்காவில் விற்கப்பட்ட சில சுத்திகரிப்பான்களில் மெத்தனால் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அவற்றைக் குடித்த சிலர் இறந்தனர். சிலர் பார்வையை இழந்தனர். அதே ஆண்டு, ஆந்திரப் பிரதேசத்தின் குறிச்சேடு என்னும் ஊரில் மதுக்கடைகள் மூடப்பட்டிருந்தபோது, சுத்திகரிப்பானைக் குடித்த பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

கையில் தேய்த்துக் காய்ந்த சுத்திகரிப்பானால் தீங்கு இல்லை. அதிலுள்ள ஆல்கஹால் ஆவியாகிவிடும். ஆனால், யாரேனும் அதைக் குடித்துவிட்டால், அறிகுறிகளுக்காகக் காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. உடனே 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும். போத்தலையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். எந்த ஆல்கஹால் என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும். மெத்தனால் என்றால், கல்லீரல் நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோல் என்னும் மருந்தைக் கொடுப்பர். தேவைப்பட்டால், இரத்தச் சுத்திகரிப்பின்மூலம் மெத்தனாலையும் அமிலத்தையும் அகற்றுவர். மெத்தனால் முழுவதும் அமிலமாக மாறுவதற்கு முன்பே தொடங்கும் சிகிச்சைதான் பார்வையையும் உயிரையும் காக்கும்.