ஒரு டன் உமிக்கு எத்தனை யூனிட்?

குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்குப் பாதை ஏறுகிறது. காபிக்கும் மிளகுக்கும் பேர்போன மலை இது. இங்கே உமியில் மின்சாரம் எடுக்க நினைத்தால், உமி சேலத்துச் சமவெளி அரிசி ஆலைகளிலிருந்து லாரியில்தான் வர வேண்டும். அப்படி ஏற்றிவந்தால் கட்டுபடியாகுமா? ஒரு டன் உமி எத்தனை யூனிட் தரும் என்று முதலில் தெரிய வேண்டும்.

உமியைக் கொள்கலத்தில் கொட்டி, முழுதாக எரியத் தேவைப்படும் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே விடுவார்கள். அரைகுறையாக எரியும் உமியிலிருந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிளம்பும். அதில் ஏறத்தாழ பாதி, காற்றோடு வந்த நைட்ரஜன். அதைக் குளிரவைத்து, தாரையும் தூசியையும் வடிகட்டி, எஞ்சினுக்குள் அனுப்பினால் ஜெனரேட்டர் சுழலும். இதுதான் கேசிஃபயர்.

நன்கு காய்ந்த உமியில் கிலோவுக்குச் சுமார் 13 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. ஒரு டன்னுக்கு 13,000. ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல் என்பதால், அந்த டன்னுக்குள் ஏறக்குறைய 3,600 யூனிட் அடங்கியிருக்கிறது. ஆனால் கேசிஃபயரைத் தாண்டி, குளிர்ந்த வாயுவாக எஞ்சினை அடைவது 65 சதவீதம்தான். அது சுமார் 2,350. மீதி சூடாகவும், எரியாத கரியாகவும் போய்விடுகிறது. எஞ்சின் அதில் 28 சதவீதத்தைச் சுழற்சியாக மாற்றினால் 660. ஜெனரேட்டர் பத்தில் ஒரு பங்கை விழுங்க, 590. ஊதுவிசிறிக்கும் தண்ணீர் பம்புக்கும் இன்னொரு பத்து சதவீதம் கழித்தால், கம்பியில் ஏறுவது 530 யூனிட்.

இந்தக் கணக்கை உரசிப் பார்க்க ஒரு நிஜ உதாரணம் உண்டு. பீகாரின் மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில் தம்குஹா என்ற கிராமத்தில், ஞானேஷ் பாண்டேயும் ரத்னேஷ் யாதவும் 2007இல் உமி மின்நிலையம் ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். அதிலிருந்துதான் ஹஸ்க் பவர் சிஸ்டம்ஸ் நிறுவனம் வளர்ந்தது. அவர்களுடைய அந்நாளைய உமி நிலையங்களின் அளவு: மணிக்கு சுமார் 50 கிலோ உமி, 32 கிலோவாட் திறன். அப்படியென்றால் டன்னுக்கு 640 யூனிட். நம்முடைய 590க்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால் அது எஞ்சின் முழுச் சுமையில் ஓடும்போது கிடைப்பது. அதே எஞ்சினை ஊர் விளக்குகளுக்காக மட்டும் 10 கிலோவாட்டில் ஓட்டினால், உராய்வுச் செலவு குறையாமல் அப்படியே நிற்கும்; எஞ்சினின் திறன் 15 சதவீதத்துக்கு இறங்கினால், ஜெனரேட்டரில் வருவது 320 யூனிட்டுக்கும் கீழே.

இனி மலைப்பாதைக்கு வருவோம். உமி லேசானது, ஒரு டன் சுமார் 10 கன மீட்டர் இடத்தை அடைக்கும். எனவே ஒரு நடைக்கு இரண்டு டன் மட்டும் என்று எடுத்துக்கொள்வோம். போய்வர 20 லிட்டர் டீசல் என்றே வைத்துக்கொள்வோம். அந்த டீசலை ஜெனரேட்டரில் ஊற்றினால் 60 யூனிட் வரும். இரண்டு டன் உமியோ ஆயிரத்துக்குமேல் தரும். ஆக, வண்டிப் பயணம் ஆற்றல் கணக்கைக் கவிழ்த்துவிடாது. உயரத்தில் காற்று மெலிவதால் எஞ்சினின் உச்ச சக்தி குறையும். டன்னுக்கான யூனிட் அதனால் பெரிதாகக் குறையாது.

எனக்குக் கவலை தருவது ஏற்காட்டு மழைப்பனிதான். திறந்த கொட்டகையில் கிடக்கும் உமி ஈரத்தை இழுக்கும், சாரலில் நனையும். ஈரம் 10 சதவீதத்திலிருந்து 25 ஆனால், கிலோவுக்கான வெப்பம் 13 மெகாஜூலிலிருந்து 10.4க்கு இறங்குகிறது. ஒவ்வொரு டன்னிலும் கூடுதலாக 150 கிலோ தண்ணீர் எடை போடப்படுகிறது, அதை ஆவியாக்கவும் வெப்பம் செலவாகிறது. இதனால் மட்டும் 530 யூனிட் 420 ஆகிவிடும். உண்மையில் அதைவிட மோசமாகவே போகும். உள்ளே நெருப்பின் சூடு தணிந்தால் தார் சிதையாமல் வாயுவோடு வந்துவிடும். வடிகட்டி அடைக்கும், எஞ்சின் வால்வில் பிசினாக ஒட்டும். வாயுக்குழாயில் ஒரு வெள்ளைத் துணியை நொடிநேரம் பிடித்துப் பார்த்தால் பழுப்புக் கறை படியும். அதுதான் முதல் எச்சரிக்கை. கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு. அதனால் இந்தச் சோதனையைத் திறந்த வெளியில், காற்றோட்டத்தில்தான் செய்ய வேண்டும்.

நெருப்பு அளவுக்குமீறிச் சூடேறினாலும் தொல்லைதான். உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. மிகுந்த சூட்டில் அது உருகிக் கட்டிதட்டி, உமி கீழிறங்குவதைத் தடுக்கும். எனவேதான் உமிக்கென்று செய்யும் கேசிஃபயரில் இடைக்கழுத்து குறுகாமல் நேர் உருளையாக விடுவார்கள்.

கொட்டச்சேட்டில் யாராவது இதை முயன்றால், லாரி வந்து நின்றதும் பல மூட்டைகளிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்து 100 கிராம் நிறுத்து, 105 டிகிரி அடுப்பில் ஓர் இரவு உலரவைக்கட்டும். காலையில் தராசு 90 காட்டினால் மூட்டையை இறக்கலாம். 75 காட்டினால், எடைக்குப் பேசிய விலையிலிருந்து கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக் கேட்க வேண்டும்.